“ஸ்பான்சர்ஷிப் வேணுமா?”ன்னு கேட்டா என்ன சொல்றது: எச்-1பியில வேலை போனவங்களுக்கு ஒரு விளக்கம்

அமெரிக்காவுல எந்த கம்பெனிக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணாலும் கடைசி பக்கத்துல பெரும்பாலும் ரெண்டு கேள்வி வந்து நிக்கும். முதல் கேள்வி, Are you legally authorized to work in the United States? ரெண்டாவது கேள்வி, Will you now or in the future require sponsorship for employment visa status? இந்த ரெண்டாவது கேள்வியில தான் நம்ம ஆளுங்க நிறைய பேர் தடுக்கி விழறாங்க, அதுவும் கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசாவான எச்-1பியில ஏற்கனவே இருக்கறவங்க தான் அதிகமா விழறாங்க.

என் கூட முன்னாடி வேலை பார்த்த ஒரு பொண்ணு, டேட்டா அனலிஸ்ட், 2025 மார்ச் மாசம் லேஆஃப்ல வேலை போச்சு. மூணு வாரம் கழிச்சு எனக்கு போன் பண்ணி அழுதா. ஒரு இடத்துல நாலு ரவுண்ட் இன்டர்வியூ முடிஞ்சு ஆஃபர் வாயால சொல்லிட்டாங்களாம், அப்புறம் ஆன்போர்டிங் ஃபார்ம் நிரப்பும்போது விசா விவரம் கேட்டிருக்காங்க, இவ எச்-1பின்னு போட்டதும் ரெண்டு நாள் சத்தமே இல்ல, மூணாவது நாள் ஆஃபரை வாபஸ் வாங்கிட்டாங்க. “அப்ளிகேஷன்ல ரெண்டாவது கேள்விக்கு என்ன போட்ட?”ன்னு கேட்டேன். “நோ போட்டேன் அக்கா. என்கிட்ட தான் விசா இருக்கே, எச்-1பி குலுக்கல் லாட்டரியும் எப்பவோ முடிஞ்சிருச்சு, இன்னும் ரெண்டு வருஷம் டைம் இருக்கு, அப்புறம் எதுக்கு ஸ்பான்சர்ஷிப்?”ன்னு கேட்டா. அவ பொய் சொல்லணும்னு நினைக்கல, நிஜமாவே அப்படித்தான் புரிஞ்சு வெச்சிருந்தா.

பாஸ்போர்ட்ல ஒட்டியிருக்கற விசா ஸ்டாம்ப் நாட்டுக்குள்ள நுழையறதுக்குத்தான். வேலை செய்யற உரிமை, கம்பெனி போட்ட ஐ-129 பெட்டிஷன்ல இருந்து வருது, அது அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் தான். புது கம்பெனி உங்களை வேலைக்கு எடுக்கணும்னா அவங்க பேர்ல புதுசா ஒரு பெட்டிஷன் போட்டே ஆகணும். நாம பேச்சுவழக்குல ட்ரான்ஸ்ஃபர்னு சொல்றோம், ஆனா சட்டப்படி எதுவும் ட்ரான்ஸ்ஃபர் ஆகல, லாட்டரி மட்டும் இல்லாத ஒரு புது பெட்டிஷன் அது. அதனால எச்-1பியில இருக்கறவங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் யெஸ் தான், வேற பதிலே கிடையாது. படிச்சு முடிச்சுட்டு மாணவர் விசாவுலயே வேலை பார்க்கற எஃப்-1 ஓபிடி பசங்களுக்கும் யெஸ் தான், ஏன்னா இன்னைக்கு கம்பெனி எதுவும் போட வேண்டாம்னாலும் கேள்வியில “பின்னாடியாவது வேணுமா”ன்னும் சேர்த்தே கேட்டிருக்காங்க.

முதல் கேள்வியையும் ஒருதரம் முழுசா படிங்க. சில ஃபார்ம்ல கடைசியில for any employer அப்படின்னு ஒரு வால் இருக்கும். எச்-1பி எந்த கம்பெனிக்கும் வேலை செய்ய விடற அனுமதி இல்ல, அதனால அந்த வால் இருந்தா பதில் நோ. வால் இல்லாம இருந்தா எச்-1பியில வேலையில இருக்கறவங்க யெஸ் போடறது தான் வழக்கம். வேலை போயிட்டவங்க ரெண்டாவதுக்கு யெஸ் போட்டுட்டு, முதல் கேள்வி விஷயத்தை ரெக்ரூட்டர்கிட்ட முதல் போன்லயே விளக்கிடறது நல்லது, ஏன்னா புது பெட்டிஷன் போய் சேர்ற வரைக்கும் நீங்க எங்கயும் வேலை செய்ய முடியாது.

யெஸ் போட்டா ஃபில்டர்ல தூக்கி போட்டுருவாங்களே, அப்ப எதுக்கு உண்மை சொல்லணும்னு எல்லாரும் கேப்பாங்க. ஆமா, பல இடத்துல தூக்கிருவாங்க, அதை மறைக்கறதுல அர்த்தம் இல்ல. சட்டமும் இங்க நமக்கு துணைக்கு வராது. குடியுரிமை நிலையை வெச்சு பாகுபாடு பண்ணக்கூடாதுங்கற பாதுகாப்பு குடிமக்கள், கிரீன் கார்டு வாங்கினவங்க, அகதிகள் மாதிரி ஆளுங்களுக்குத்தான், எச்-1பிக்கும் எஃப்-1க்கும் அது கிடையாது, “நாங்க ஸ்பான்சர் பண்ண மாட்டோம்”னு ஒரு கம்பெனி சொன்னா அது சட்டத்துக்கு உட்பட்டது தான். எந்த நாட்டுக்காரர்ங்கறதை வெச்சு ஒதுக்கினா அது வேற, அது தப்பு. ஆனா நோ போட்டு உள்ள போனா என்ன நடக்கும்னா, நாள் தான் போகும். வேலையில இருக்கறவங்களுக்கு அது வெறும் ஏமாற்றம். வேலை போனவங்களுக்கு அந்த நாள் தான் எல்லாமே. அந்த பொண்ணு அந்த ஒரு கம்பெனிக்காக பதினெட்டு நாள் செலவு பண்ணியிருந்தா, அந்த நம்பிக்கையில வேற எங்கயும் சரியா அப்ளை கூட பண்ணல.

இப்ப அந்த நாள் கணக்கை பார்ப்போம். எச்-1பியில வேலை போனா நாட்டுல தங்க அதிகபட்சம் 60 நாள் கிரேஸ் பீரியட், 2017 ஜனவரியில இருந்து இந்த விதி இருக்கு. எதுவரைக்கும் தங்கலாம்னு தேதி போட்டிருக்கற உங்க ஐ-94 அதுக்கு முன்னாடியே முடிஞ்சா அதோட கதை முடிஞ்சுது, ரெண்டுல எது முன்னாடி வருதோ அது தான் கணக்கு. எண்ண ஆரம்பிக்கறது பொதுவா கடைசியா எந்த நாளுக்கு சம்பளம் கணக்காச்சோ அதுக்கு மறுநாள்ல இருந்து. செவரன்ஸ் பணம் வந்துட்டே இருக்குங்கறதால நாள் நீளாது. “ரெண்டு மாசம் பேரோல்ல வெச்சிருக்கோம், ஆனா வேலைக்கு வர வேண்டாம்”னு சொன்னாங்கன்னா அது எந்த பக்கம் சேரும்ங்கறது தெளிவில்லாத இடம், அதுக்கு மட்டும் காசு போனாலும் பரவால்லன்னு ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட போயிருங்க.

அவளுக்கு கடைசி சம்பள நாள் மார்ச் 7, வெள்ளிக்கிழமை. மார்ச் 8 முதல் நாள், மே 6 செவ்வாய்க்கிழமை அறுபதாவது நாள். நிறைய பேர் 60 நாளுக்குள்ள ஆஃபர் வாங்கினா போதும்னு நினைச்சுட்டு இருக்காங்க. அது போதாது, புது கம்பெனியோட பெட்டிஷன் குடியேற்ற ஆபீசான யுஎஸ்சிஐஎஸ் கையில போய் சேர்ந்திருக்கணும். அங்க இருந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க. பெட்டிஷன் போட அதுக்கு முன்னாடி சம்பளத்துக்கும் வேலை நிலைமைக்கும் கம்பெனி உறுதி குடுக்கற எல்சிஏ விண்ணப்பம் லேபர் டிபார்ட்மென்ட்ல சர்டிஃபை ஆகணும், அதுக்கு ஏழு வேலை நாள், காசு கட்டி வேகப்படுத்தற வழி அதுல கிடையாது. இதுக்கு முன்னாடி எல்சிஏ போட்டதே இல்லாத கம்பெனியா இருந்தா அவங்க வரி எண்ணை லேபர் டிபார்ட்மென்ட் முதல்ல சரிபார்க்கணும், அதுக்கு தனியா சில நாள். அப்புறம் வக்கீல் பேப்பர் ரெடி பண்ணணும், கையெழுத்து வாங்கணும், கூரியர் போகணும். எல்லாம் சேர்த்து மூணு வாரம்னு வெச்சுக்கோங்க. அதாவது உண்மையில உங்க கையில இருக்கறது 60 இல்ல, ஏறக்குறைய 40 நாள். அதுவும் அரசு ஆபீஸ் ஓடற காலத்துல. 2025 அக்டோபர்ல அரசு முடங்கினப்ப எல்சிஏ வேலை கிட்டத்தட்ட அந்த மாசம் முழுக்க நின்னு போச்சு, அந்த நேரத்துல 60 நாள்ல மாட்டினவங்க நிலைமையை நினைச்சா இப்பவும் வயித்தை பிசையுது.

போன் பண்ணப்ப அவளுக்கு 22 நாள் போயிருச்சு. உட்கார்ந்து ரெண்டு விஷயத்தை மாத்தினோம், எங்க தேடறதுங்கறது ஒண்ணு, என்ன சொல்றதுங்கறது இன்னொண்ணு.

தேடறதுல எல்லாரும் பண்றது, ஜாப் சைட்ல “விசா ஸ்பான்சர்ஷிப்”னு போட்டு தேடறது. அதுல வர்றது பாதிக்கு மேல “ஸ்பான்சர்ஷிப் கிடையாது”ன்னு சொல்ற விளம்பரம், ஏன்னா அதுலயும் அந்த வார்த்தை இருக்கே. இன்னொரு வழி, டாப் ஸ்பான்சர்னு சுத்திட்டு இருக்கற லிஸ்ட். அந்த லிஸ்ட்ல மேல இருக்கறது எல்லாம் பெரிய கம்பெனிங்க, அங்க தான் எல்லாரும் அப்ளை பண்றாங்க, அதுலயும் பாதி கம்பெனி அந்த நேரத்துல ஆளை வெளிய அனுப்பிட்டு இருந்துச்சு. யார் எத்தனை எச்-1பி வெச்சிருக்காங்கங்கறது நமக்கு முக்கியமில்ல, வேற கம்பெனியில இருந்து வர்ற எச்-1பி ஆளை யார் சமீபத்துல எடுத்தாங்கங்கறது தான் வேணும். அதுக்கு பதில் லேபர் டிபார்ட்மென்டே மூணு மாசத்துக்கு ஒருதரம் இலவசமா வெளியிடற எக்செல் ஃபைல்ல இருக்கு.

dol.gov சைட்ல Performance Data பக்கத்துக்கு போனா எல்சிஏ டிஸ்க்ளோஷர் ஃபைல் இருக்கும். நிதியாண்டு அக்டோபர் 1ல ஆரம்பிக்குதுங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பேர்ல இருக்கற வருஷத்தை பார்த்து குழம்ப வேண்டாம். ஃபைல் ரொம்ப பெருசு, பழைய லேப்டாப்ல திறக்கவே நேரம் எடுக்கும், முதல்ல உங்க ஸ்டேட்டை மட்டும் பிரிச்சு தனியா சேவ் பண்ணிக்கோங்க. அப்புறம் நாங்க போட்ட ஃபில்டர் இது தான்:

```
CASE_STATUS      = Certified
WORKSITE_STATE   = உங்க ஸ்டேட்
CHANGE_EMPLOYER  > 0
SECONDARY_ENTITY = No
```

மூணாவது வரி தான் உயிர். ஒவ்வொரு எல்சிஏவுலயும் இது புது ஆளுக்கா, இருக்கற ஆளுக்கு நீட்டிப்பா, வேற கம்பெனியில இருந்து வர்றவருக்கான்னு கம்பெனி எண்ணிக்கை போட்டிருக்கும். CHANGE_EMPLOYER பூஜ்யத்துக்கு மேல இருந்தா அந்த கம்பெனி ட்ரான்ஸ்ஃபர் ஆளை எடுக்க பேப்பர் போட்டிருக்கு, ஹெச்ஆருக்கு அந்த வேலை தெரியும், வக்கீல் இருக்காங்க, செலவுக்கு யாரோ ஒருத்தர் ஏற்கனவே சரி சொல்லியிருக்காங்க. நாலாவது வரி, ஆளை வேற கம்பெனி ஆபீஸ்ல கொண்டு போய் உட்கார வைக்கற கன்சல்டன்சிகளை கழிக்கறதுக்கு. கன்சல்டன்சியே வேணாம்னு நான் சொல்லல, நல்லபடியா நடத்தறவங்களும் இருக்காங்க, ஆனா முதல்ல நேரடி கம்பெனிகளை பார்த்துட்டு அப்புறம் அதுக்கு போகலாம்ங்கறது என் அபிப்பிராயம்.

வேலை பேர்ல ஒரு சிக்கல் இருக்கு. டேட்டா அனலிஸ்ட்னு ஒரே பேர்ல எல்லாரும் போட மாட்டாங்க. அரசோட வேலை வகை பேர் வர்ற SOC_TITLE காலம்ல ஒரு கம்பெனி டேட்டா சயின்டிஸ்ட்னு போட்டிருக்கும், இன்னொண்ணு ஸ்டாட்டிஸ்டிஷியன்னு, இன்னொண்ணு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் அனலிஸ்ட்னு போட்டிருக்கும், எல்லாம் ஒரே மாதிரி வேலை தான். அதனால JOB_TITLE காலம்லயும் தனியா தேடணும். கம்பெனி பேரும் நமக்கு தெரிஞ்ச பிராண்ட் பேரா இருக்காது, பதிவு பண்ணின சட்டப்பேரா இருக்கும், கூகுள்ல போட்டு தான் இது இன்னாருன்னு கண்டுபிடிக்கணும். கூடவே அங்க குடுத்த சம்பளமும் பக்கத்து காலம்ல இருக்கும், பேரம் பேசும்போது அது கையில இருக்கறது பெரிய பலம்.

இந்த ஃபைலோட எல்லையும் தெரிஞ்சிருக்கணும். எல்சிஏ சர்டிஃபை ஆச்சுன்னா பெட்டிஷன் அப்ரூவ் ஆச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆள் சேர்ந்தாருன்னும் அர்த்தம் இல்ல. அதனால ஒரு கம்பெனி பிடிச்சிருந்தா யுஎஸ்சிஐஎஸ்ஸோட H-1B Employer Data Hub பக்கத்துல அதே பேரை போட்டு எத்தனை அப்ரூவல், எத்தனை ரிஜெக்ஷன்னு பாருங்க. ரிஜெக்ஷன் அதிகமா இருந்தா தள்ளி நிக்கறது நல்லது. ஓபிடி பசங்களுக்கு இந்த ஃபில்டர் அப்படியே பொருந்தாது, அவங்க CHANGE_EMPLOYERக்கு பதிலா NEW_EMPLOYMENT பார்க்கணும், அறிவியல், டெக்னாலஜி டிகிரிக்கு கிடைக்கற ஸ்டெம் நீட்டிப்பு வேணும்னா கம்பெனி இ-வெரிஃபைங்கற அரசு சரிபார்ப்பு திட்டத்துல இருக்கான்னும் பார்க்கணும்.

இப்படி ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எடுத்ததுல அவ ஊரை சுத்தி முப்பத்து சொச்சம் கம்பெனி வந்துச்சு. அவ முன்னாடி கேள்வியே பட்டிருக்காத பேருங்க பாதி, ஒரு ஆஸ்பத்திரி குழுமம், ரெண்டு இன்சூரன்ஸ் கம்பெனி, லாரி சரக்கு கணக்கு பார்க்கற ஒரு சாஃப்ட்வேர் கம்பெனின்னு கலவையா இருந்துச்சு. அது ஒரு பக்கம் போயிட்டு இருக்க, தெரிஞ்சவங்க மூலமா நாற்பது பேர் வேலை பார்க்கற ஒரு சின்ன கம்பெனியில இருந்தும் கூப்பிட்டாங்க. அவங்க இந்த லிஸ்ட்லயே இல்ல, ஒரு எச்-1பியும் போட்டதில்ல. கடைசியில அவளுக்கு வேலை கிடைச்சது அங்க தான், அதனால தான் என்ன சொல்றதுங்கற ரெண்டாவது விஷயத்தை நான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

விசா விஷயத்தை எப்ப சொல்றது? ரெக்ரூட்டரோட முதல் போன்லயே சொல்லிடணும், அந்த போன் முடியறதுக்குள்ள. கவர் லெட்டர்ல முதல் வரியா போட வேண்டாம், முதல்ல வேலையை பத்தி பேசுங்க, உங்களால என்ன முடியும்னு அவங்களுக்கு தெரியட்டும். ஆனா ரெண்டாவது ரவுண்டுக்கு தேதி குடுக்கறதுக்கு முன்னாடி வந்துடணும். அவங்க கேக்கலன்னா நீங்களே எடுங்க. சொல்லும்போது தயங்கி தயங்கி, மன்னிப்பு கேக்கற மாதிரி சொன்னா எதிர்ல இருக்கறவங்களுக்கு ஏதோ பெரிய வில்லங்கம்னு தோணும். அவங்களுக்கு தெரிய வேண்டியது மூணே விஷயம் தான், என்ன பண்ணணும், எவ்வளவு ஆகும், எப்ப சேர முடியும்.

அந்த சின்ன கம்பெனி ஹெச்ஆர் அம்மா முதல் போன்லயே, “மன்னிக்கணும்ங்க, நாங்க விசா ஸ்பான்சர் பண்றதில்ல, எங்களுக்கு லாட்டரி எல்லாம் தெரியாது”ன்னு சொல்லிட்டாங்க. அங்க தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, நிறைய கம்பெனி வேணாம்னு சொல்றது லாட்டரியை மனசுல வெச்சுட்டு. மார்ச்ல பதிவு பண்ணி, கிடைக்குமா கிடைக்காதான்னு காத்திருந்து, கிடைச்சா அக்டோபர்ல சேர்றது, யாருக்கு தான் பிடிக்கும். இவ பதில் சொன்னது கிட்டத்தட்ட இப்படி: “நீங்க சொல்றது சரிங்க, லாட்டரின்னா நானும் உங்களை கேக்க மாட்டேன். என்னோடது லாட்டரி முடிஞ்ச கேஸ், நாலு வருஷமா எச்-1பியில இருக்கேன், எச்-1பிக்கு உள்ள ஆறு வருஷ வரம்புல இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு. நீங்க எனக்காக ஒரு பெட்டிஷன் போடணும், அரசு கட்டணம் உங்க சைஸ் கம்பெனிக்கு 3,380 டாலர், வக்கீல் ஃபீஸ் தனி. பெட்டிஷன் போய் சேர்ந்ததும் நான் வேலையில சேர்ந்துடலாம், அப்ரூவல் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்றேன், மே 6க்குள்ள அது போய் சேரணும், அதனால ஏப்ரல் பாதிக்குள்ள உங்க முடிவு தெரிஞ்சா தான் எனக்கு முடியும்.”

அந்த அம்மா உடனே சரின்னு சொல்லல. “அந்த தொகையை எழுதி அனுப்புங்க, எங்க ஓனர்கிட்ட காட்டணும்”னு சொன்னாங்க. அவ தொகையை இப்படி பிரிச்சு எழுதி அனுப்பினா: பெட்டிஷன் கட்டணம் 780, பயிற்சி நிதிக்குன்னு வாங்கறது 1,500, மோசடி தடுப்பு கட்டணம் 500, அசைலம் திட்ட கட்டணம் 600. இது 2024 ஏப்ரல்ல வந்த அட்டவணை, நீங்க பேசற அன்னைக்கு யுஎஸ்சிஐஎஸ் பக்கத்துல ஒருதரம் சரிபார்த்துக்கோங்க. 25 பேர் வரைக்கும் உள்ள கம்பெனின்னா குறையும், 460, 750, 500, 300ன்னு சேர்த்து 2,010 தான் வரும். இதுல அந்த பயிற்சி நிதியும் மோசடி தடுப்பு கட்டணமும் கம்பெனி தான் கட்டணும், “நானே கட்டிடறேன்”னு ஆர்வத்துல சொல்லிடாதீங்க, அதை தொழிலாளிகிட்ட வாங்கறது சட்டவிரோதம். வக்கீல் ஃபீஸும் கம்பெனி செலவா தான் பார்க்கப்படுது. “ஐயாயிரம் குடு, பேப்பர் போடறோம்”னு கேக்கற கன்சல்டன்சி வந்தா, ப்ராஜெக்ட் கிடைக்கற வரைக்கும் சம்பளம் இல்லன்னு சொன்னா, இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமேல ஏத்த சொன்னா, அங்க இருந்து எழுந்து வந்துடுங்க. வேலை குடுக்காம உட்கார வெச்சாலும் எச்-1பி ஆளுக்கு சம்பளம் குடுத்தே ஆகணும்ங்கறது விதி, சம்பளம் இல்லாத மாசம் பின்னாடி உங்க பே ஸ்டப்ல ஓட்டையா தெரியும், அடுத்த பெட்டிஷன்ல மாட்டிக்கறது நீங்க தான்.

இந்த கதை நடந்தது 2025 வசந்த காலத்துல. இப்ப இதே பேச்சை பேசினா ஹெச்ஆர் முதல்ல கேக்கறது ஒரு லட்சம் டாலரை பத்தி. 2025 செப்டம்பர் 19ல வந்த பிரகடனம், புது எச்-1பி பெட்டிஷனுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணும்னு சொல்லுச்சு, அந்த தலைப்புச் செய்தி மட்டும் தான் எல்லார் மனசுலயும் பதிஞ்சிருக்கு. அடுத்த மாசம் அக்டோபர் 20ல யுஎஸ்சிஐஎஸ் குடுத்த விளக்கத்துல, அமெரிக்காவுக்கு உள்ள சரியான ஸ்டேட்டஸ்ல இருந்துட்டே நீட்டிப்போ, ஸ்டேட்டஸ் மாற்றமோ கேக்கற பெட்டிஷனுக்கு அது கிடையாதுன்னு தெளிவா சொல்லியிருக்காங்க. ஆனா அந்த நீட்டிப்போ மாற்றமோ மறுக்கப்பட்டா, வெளிய போய் வர வேண்டிய கேஸா மாறினா, அந்த பணம் திரும்ப வந்து நிக்கலாம். அதனால தான் 60 நாளை தாண்டறது முன்னாடியை விட இப்ப ரொம்ப ஆபத்து. இந்த விளக்கம் இருக்கற பக்கத்தோட லிங்க்கை தயாரா வெச்சிருங்க, போன் முடிஞ்ச உடனே அனுப்புங்க, வழக்கும் மாற்றமும் ஓடிட்டே இருக்கற விஷயம்ங்கறதால அன்னைக்கு தேதிக்கு அது இன்னும் அப்படியே இருக்கான்னு பார்த்துட்டு அனுப்புங்க.

“லாட்டரி முடிஞ்ச கேஸ்”னு சொல்ற முன்னாடி அது உங்க விஷயத்துல உண்மையான்னு பாருங்க. யுனிவர்சிட்டியிலயோ அதோட சேர்ந்த ஆஸ்பத்திரியிலயோ லாப நோக்கமில்லாத ஆராய்ச்சி நிலையத்துலயோ எச்-1பி வாங்கினவங்க லாட்டரி இல்லாமலே வாங்கியிருப்பாங்க, முன்னாடி எப்பவும் லாட்டரியில வராதவங்களா இருந்தா தனியார் கம்பெனிக்கு மாறும்போது லாட்டரிக்கு போகணும். ஒரே கம்பெனிக்குள்ள மாற்றலாகி எல்-1 விசாவுல வந்தவங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர்ங்கற பேச்சே இல்ல. தெரியாம தப்பா சொன்னா கூட கம்பெனி வக்கீல் உங்க அப்ரூவல் நோட்டீஸான ஐ-797 பேப்பரை பார்த்த அன்னைக்கே தெரிஞ்சிடும், அப்புறம் நீங்க சொன்ன மத்ததையும் நம்ப மாட்டாங்க.

கிரீன் கார்டை இந்த முதல் பேச்சுல இழுக்க வேண்டாம்ங்கறது என் கருத்து. ஆனா அவங்களே “இதோட முடிஞ்சுதா?”ன்னு கேட்டா மழுப்பக்கூடாது. அவளுக்கு ரெண்டு வருஷம் தான் பாக்கி, பழைய கம்பெனி கிரீன் கார்டுக்கான ஐ-140 பெட்டிஷன் வரைக்கும் போகல, அதனால ஆறு வருஷத்தை தாண்டி இருக்கணும்னா புது கம்பெனி சேர்ந்த கொஞ்ச நாள்லயே கிரீன் கார்டுக்கு முதல் படியான பேர்ம் ஆரம்பிக்கணும். அதை ஆஃபர் பேசற கட்டத்துல, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவளே சொன்னா, “இப்ப உறுதி குடுக்க வேண்டாம், ஆறு மாசம் என் வேலையை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, ஆனா அந்த முடிவு அதுக்கு மேல தள்ளினா எனக்கு நாள் பத்தாது”ன்னு. ஏற்கனவே ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டினவங்க நிலைமை இதை விட நல்லா இருக்கும், பழைய கம்பெனி அதை வாபஸ் வாங்கினாலும் கிரீன் கார்டு வரிசையில உங்க இடத்தை காட்டற ப்ரையாரிட்டி தேதி கையில நிக்கும், அதை வெச்சு ஆறு வருஷத்துக்கு மேலயும் நீட்டிக்கலாம், அதை முதல் போன்லயே சொல்றது உங்களுக்கு லாபம்.

ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, முப்பத்தஞ்சாவது நாள் ஆஃபர் லெட்டர் வந்துச்சு. அவ அன்னைக்கு ராத்திரியே பாஸ்போர்ட், பழைய ஐ-797 எல்லாம், ஐ-94, கடைசி பே ஸ்டப்ங்க, டிகிரி, அதோட மதிப்பீட்டு பேப்பர்னு எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு அனுப்பினா, வக்கீல் கேக்கறதுக்கு முன்னாடியே. கம்பெனி எல்சிஏவுக்கு புதுசுங்கறதால வரி எண் சரிபார்ப்புக்கு மூணு நாள் போச்சு. ஏப்ரல் 17ல எல்சிஏ போட்டாங்க, ஏழு வேலை நாள் கழிச்சு 28ஆம் தேதி திங்கட்கிழமை சர்டிஃபை ஆகி வந்துச்சு, அது 52ஆவது நாள். அன்னைக்கே ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கி 30ஆம் தேதி கூரியர்ல போட்டாங்க. மே 1ஆம் தேதி யுஎஸ்சிஐஎஸ் கையில சேர்ந்துச்சு, 55ஆவது நாள்.

அஞ்சு நாள் தான் மிச்சம் இருந்துச்சு. அந்த ஆஃபர் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தா நடந்திருக்காது. அப்படி ஆகியிருந்தா 60 நாள் முடியறதுக்குள்ள ஸ்டேட்டஸ் மாத்த ஐ-539 போட்டுட்டு, விசிட்டர் ஸ்டேட்டஸ் கேட்டு, வேலை செய்யாம காத்திருக்கலாம்னு வக்கீல் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தார், அதுல இருந்து திரும்ப எச்-1பிக்கு மாறும்போது பெட்டிஷன் போட்ட உடனே வேலையில சேர முடியாம போகலாம்ங்கறதையும் சேர்த்தே சொன்னார். கம்பெனிக்கு அந்த காத்திருப்பு ஒத்து வருமான்னு அப்ப திரும்ப ஒருதரம் உண்மையை சொல்லி கேட்டிருக்கணும்.

ரசீது நோட்டீஸ் வந்த அப்புறம் தான் வக்கீல் சேர சொன்னார், கூரியர் டெலிவரி ஆன மெசேஜை வெச்சு சேர வேண்டாம்னு. கம்பெனி ப்ரீமியம் பிராசஸிங்குக்கும் பணம் கட்டியிருந்தாங்க, அதுல 15 வேலை நாளுக்குள்ள யுஎஸ்சிஐஎஸ் ஏதாவது ஒரு பதில் குடுத்தாகணும். அந்த ஹெச்ஆர் அம்மா இப்ப அதே ஃபோல்டர் லிஸ்ட்டையும் கட்டண கணக்கையும் அடுத்து வர்ற ஆளுக்குன்னு எடுத்து வெச்சிருக்காங்களாம், அந்த கம்பெனி பேரும் இப்ப லேபர் டிபார்ட்மென்ட் ஃபைல்ல CHANGE_EMPLOYER காலம்ல 1ன்னு ஏறியிருக்கு.